உம்மாவின் இராக்குளிசை

எங்கள் வீட்டில் அந்தக் குளிசைக்கு 'ஒறக்கக் குளிசை' என்றுதான் பெயர். வெள்ளையாக, சின்னதாக இருக்கும். காலையில் ஒன்று, இஷாவுக்குப் பின் ஒன்று. தங்கச்சி அதை வாழைப்பழத் துண்டுக்குள் வைத்து உம்மாவுக்குக் கொடுப்பாள். ஏழு மாதங்கள் கொடுத்த பிறகுதான் அது தூக்கத்துக்கான மருந்தே அல்ல என்று எங்களுக்குத் தெரிய வந்தது. நான் பாடசாலையில் தமிழ் கற்பிப்பவன், மருத்துவம் படித்தவனல்லன். ஆனால் அந்தக் குளிசையைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துவதற்கு எங்கள் குடும்பம் நான்கு மாதத்துக்கு மேல் பாடுபட்டது. அந்தக் காலத்தில் டொக்டரிடம் கேட்டதையும், வாசித்து விளங்கியதையும், நாங்கள் விட்ட பிழைகளையும் எழுதி வைத்தால் இதே நிலையில் இருக்கும் வேறொரு வீட்டுக்கு உதவும் என்றே இதை எழுதுகிறேன்.

உம்மாவுக்கு வயது 78. நான்கு வருடங்களுக்கு முன் மறதி நோய் என்று கண்டார்கள். ஊரில் 'அறளை பெயர்ந்திட்டு' என்று சொல்லிவிட்டுப் போவார்களே, அதுதான். கேட்டதையே கேட்பார். மௌத்தாகிப் பத்து வருடமான வாப்பாவுக்குச் சோறு எடுத்து வைப்பார். அவ்வளவுதான், யாருக்கும் தொல்லையில்லை. பிறகு ஒருநாள் காய்ச்சல் வந்தது. இரண்டு நாளில் ஆளே மாறிப்போனார். இரவு முழுக்கக் கத்தினார். சேலைன் ஊசியைப் பிடுங்கி எறிந்தார். பிடிக்கப்போன மிஸ்ஸியை அடித்தார். சலத்தில் கிருமித் தொற்று என்று பிறகு தெரிந்தது. வார்ட்டில் அன்று இரவு ரிஸ்பெரிடோன் அரை மில்லிகிராம் தொடங்கினார்கள். அந்த இரவுக்கு அது நியாயமான முடிவுதான். அதில் எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை.

பிழை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. துண்டு வெட்டி வீட்டுக்கு வரும்போது அந்த மருந்து இரவில் 1 மில்லிகிராம் என்று கிளினிக் கொப்பியில் ஏறியிருந்தது. அடுத்த கிளினிக்கில், "ராவைக்கு இன்னும் எழும்புறா" என்று தங்கச்சி சொன்னதும் காலையிலும் ஒன்று சேர்ந்தது. இரண்டு மாதத்தில் கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்துக்கென்று பென்செக்சோல் என்ற இன்னொரு குளிசை வந்தது. பின்னர் மாதாமாதம் அதே மருந்துகள் மறுபடி எழுதப்பட்டன. ஏழாவது மாதத்தில் உம்மா பகலில் ஐந்து, ஆறு மணித்தியாலம் கதிரையிலேயே உறங்கினார். வாயிலிருந்து எச்சில் வடிந்தது. காலை இழுத்து இழுத்து நடந்தார். இரண்டு முறை குளியலறை வாசலில் விழுந்தார். தஸ்பீஹ் மணியைக் கையில் கொடுத்தால் விரல் நகராது. 'நோய் முத்திட்டு' என்றே நாங்கள் நினைத்தோம்.

இரண்டாவது முறை விழுந்து, நெற்றியில் தையல் போட வேண்டி வந்தபோது, மனநல வைத்தியர் ஒருவரிடம் காட்டினோம். அவர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து புரட்டினார். "சேர், இந்தக் குளிசையை எதுக்காகத் தொடங்கின?" என்று கேட்டார். ஒறக்கத்துக்கு என்றேன். "இது ஒறக்கக் குளிசை இல்ல" என்றார்.

இந்த மருந்து எதைச் செய்யும், எதைச் செய்யாது

ரிஸ்பெரிடோன், ஒலன்சபின், குவெட்டியபின், ஹலோபெரிடோல் ஆகியவை மனநோய் மருந்துகள் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உருச்சிதைவு நோய் போன்ற கடும் மனநோய்களுக்காகவே அவை உருவாக்கப்பட்டன. மறதி நோயில் அவற்றுக்கு ஓரளவு பயன் உள்ள இடங்கள் இரண்டே இரண்டு. ஒன்று, மற்றவருக்கோ தனக்கோ ஆபத்து விளைவிக்கும் கடும் மூர்க்கம். மற்றது, ஆளை நடுங்க வைக்கும் பொய்த் தோற்றங்களும் பொய் நம்பிக்கைகளும். அங்கேயும் பயன் மிதமானதுதான்.

எங்களை நித்தம் வருத்தும் மற்ற நடத்தைகளுக்கு இந்த மருந்து சரிவராது. வாசலைத் திறந்துகொண்டு போவது, ஒரே கேள்வியை நூறு தடவை கேட்பது, பொருளை ஒளித்து வைப்பது, குளிக்க மறுப்பது, மஃரிப் நேரமானால் "எங்கட ஊட்டுக்குப் போகணும்" என்று அழுவது, இவற்றை அது மாற்றாது. ஆளை மந்தமாக்கும். மந்தமானவர் கேள்வி கேட்பதும் குறையும். அதைப் பார்த்து மருந்து வேலை செய்கிறது என்று நாம் நம்பிவிடுவோம்.

இதற்குக் கொடுக்கும் விலை சிறிதல்ல. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம், மறதி நோயாளருக்கு இந்த வகைப் புதிய மருந்துகளைக் கொடுத்த 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. அவற்றில் பெரும்பாலானவை பத்துக் கிழமை அளவில் நடந்தவை. வெற்றுக் குளிசை எடுத்தவர்களில் நூற்றுக்கு 2.6 பேர் இறந்திருக்க, மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 4.5 பேர் இறந்திருந்தனர். இதயக் கோளாறும் நிமோனியா போன்ற தொற்றுகளுமே அநேக மரணங்களுக்குக் காரணம். 2008இல் ஹலோபெரிடோல் போன்ற பழைய மருந்துகளுக்கும் அதே எச்சரிக்கை நீட்டப்பட்டது. இதற்கு மேல் பாரிசவாதம், விழுதல், நடுக்கம், உடல் விறைப்பு, விழுங்குவதில் சிரமம் ஆகியவையும் உண்டு.

2009இல் பிரித்தானியாவில் பேராசிரியர் சுபே பானர்ஜி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். அந்நாட்டில் ஒரு வருடத்தில் சுமார் 180,000 மறதி நோயாளருக்கு இம்மருந்து கொடுக்கப்படுகிறது என்றும், அவர்களில் ஏறத்தாழ 36,000 பேருக்கே ஏதாவது பயன் கிடைக்கக்கூடும் என்றும் அதில் கணக்கிட்டிருந்தார். அதாவது ஐந்து பேரில் ஒருவர். எங்கள் உம்மா அந்த ஒருவரா, மற்ற நால்வரில் ஒருவரா என்பதை ஏழு மாதமாக யாரும் பார்க்கவில்லை. யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படி விடவில்லை. தொடங்கியவர் ஒருவர், தொடர்ந்தவர் இன்னொருவர். 'எதுவரைக்கும்' என்று கொப்பியில் எங்கும் எழுதப்படவில்லை.

டொக்டர் பார்த்த வரிசை

குறைக்கலாமா என்று முடிவெடுக்க முன் டொக்டர் நான்கு விடயங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்தார்.

முதலாவது, ஏன் தொடங்கியது? உம்மாவின் விடயத்தில் விடை தெளிவாக இருந்தது. அன்று இரவு வந்தது மறதி நோயின் மூர்க்கமல்ல. தொற்றினால் வந்த திடீர்க் குழப்பம். அது மணித்தியாலங்களில் வரும். காரணம் தீர்ந்தால் பெரும்பாலும் நாட்களிலோ கிழமைகளிலோ தணியும். சலத்தொற்று ஆறி ஏழு மாதம். மருந்து தொடங்கிய காரணம் இப்போது இல்லை.

இரண்டாவது, குறைக்கக் கூடாத ஆளா? இளமையிலிருந்தே உருச்சிதைவு நோயோ, இருதுருவ மனநோயோ உள்ளவருக்கு இந்த மருந்து அந்த நோய்க்காகத் தேவைப்படும். மறதி நோய் வந்துவிட்டது என்று அதை நிறுத்த முடியாது. இன்னொரு கூட்டமும் உண்டு. மருந்துக்கு முன் கடும் மூர்க்கமோ பயங்கரமான பொய்த் தோற்றமோ இருந்து, மருந்தால் அது உண்மையிலேயே நன்றாகக் குணப்பட்டவர்கள். அவர்களில் சிலருக்கு, நிறுத்தியபின் நோய்க்குறிகள் திரும்பி வருவது ஆய்வுகளில் கண்டது. அவர்களுக்கும் குறைத்துப் பார்க்கலாம். ஆனால் மிக மெதுவாக, நெருக்கமான கண்காணிப்புடன். மாறாக, வெறும் தூக்கத்துக்காகத் தொடங்கியிருந்தால் அதைத் தொடர நியாயமே இல்லை.

மூன்றாவது, இப்போதைய தொல்லைகளுக்கு வேறு காரணம் உண்டா? சலம் பரிசோதித்தார். மலம் போகிறதா என்று கேட்டார். முழங்கால் நோவைப் பார்த்தார். உம்மா நோவென்று சொல்வதில்லை, ஆனால் எழுப்பும்போது முகத்தைச் சுளிப்பார். காதில் அழுக்கு அடைத்திருந்தது. அதை எடுத்ததும் பாதிக் கேள்வி குறைந்தது. பிறகு பென்செக்சோல் துண்டைக் காட்டி, "ஒரு மருந்தின் நடுக்கத்துக்கு இன்னொரு மருந்து. இது ஞாபகத்தை இன்னும் கெடுக்கும், மலத்தையும் இறுக்கும்" என்றார்.

நான்காவது, இன்றைய நிலையை எழுதிவைத்தல். குறைக்கும் முன் ஒரு முழுக்கிழமை, எதையும் மாற்றாமல், ஒரு கொப்பியில் குறிக்கச் சொன்னார். பாடசாலைக் கொப்பியில் ஐந்து கோடு போட்டேன்: நேரம், நடந்தது, அதற்குச் சற்று முன் நடந்தது, நாங்கள் செய்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது. அந்தக் கிழமை உம்மா இரவில் ஒன்பது தடவை எழும்பினார், நான்கு தடவை கத்தினார், ஒருவரையும் அடிக்கவில்லை. முழு அளவு மருந்து எடுத்துக்கொண்டிருக்கும்போதே இவ்வளவு. இந்தக் கணக்கு இல்லையென்றால், பின்னர் மருந்தைக் குறைத்த எந்த இரவிலும் உம்மா கத்தினால், "குறைச்சதாலதான்" என்று நாங்களே முடிவு கட்டியிருப்போம்.

தங்கச்சி சொன்ன பதில்

டொக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு நான் மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்து விளக்கினேன். தங்கச்சி சட்டியைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கடைசியில் சொன்னாள்:

"உங்களுக்கென்ன சின்னக் காக்கா, நீங்க உங்கட ஊட்டுக்குப் போய் ஒறங்குவீங்க. ராவைக்கு நான்தானே இரிக்கன்."

எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்கு. உம்மாவும் கடைக்குட்டி மகளோடுதான். அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் கடையில். அந்த வார்ட்டு இரவை நான் கதையாகக் கேட்டவன், அவள் கண்டவள். மருந்தைக் குறைப்பது எனக்கு ஒரு நல்ல யோசனை. அவளுக்கு அது அந்த இரவு திரும்பி வரும் என்ற பயம். தோஹாவிலிருந்து பெரிய காக்கா போன் எடுத்து, "பெரிய டொக்டர் எழுதின மருந்த நீ யாருடா நிப்பாட்ட?" என்றார். ஊரிலுள்ள மாமி, "குளிசை வாங்கிக் குடுக்கக் காசில்லையோ?" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த முறை தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவள் சொன்னதைக் கேட்ட டொக்டர், "நீங்க சொல்றது சரி. வேகத்தை நீங்கதான் தீர்மானிக்கணும்" என்றார். பிறகு எங்கள் மூவருக்கும் பொதுவாக ஒரு தாளில் ஐந்து விடயங்களை எழுதினோம். அந்தத் தாள் இன்னும் அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறது.

முதல் வரியில், ஏன் குறைக்கிறோம் என்பது சாதாரணச் சொற்களில்: 'மருந்து தொடங்கிய காரணம் முடிந்துவிட்டது. இப்போது அது உம்மாவை விழ வைக்கிறது.' உறவினர் கேட்டால் எல்லோரும் இதையே சொல்ல வேண்டும்.

இரண்டாவது, என்ன நடக்கலாம் என்பது. முதல் சில நாட்களில் தூக்கம் குழம்பலாம், சற்று அமைதியின்மை வரலாம், அநேகமாக அடங்கிவிடும். பகலில் விழிப்பு கூடும்; அதனால் கேள்விகளும் கூடும். ஆள் விழித்துக்கொண்டதன் அடையாளம் அது.

மூன்றாவது, எது 'கெட்ட இரவு' என்ற எல்லை. ஒரு தடவை கத்தினால் கொப்பியில் எழுதுவது மட்டும். தொடர்ந்து மூன்று இரவு முன்னையதைவிடக் கடுமையாக இருந்தால் டொக்டருக்குச் சொல்வது. அடித்துக் காயம் வந்தாலோ, சாப்பாடும் தண்ணீரும் மறுத்தாலோ அன்றைக்கே சொல்வது. காய்ச்சலோடு உடல் விறைத்தால் யாரையும் கேட்காமல் நேரே ஆஸ்பத்திரிக்கு. இந்த மருந்துகள் அரிதாக அப்படியோர் ஆபத்தான நிலையை உண்டாக்கும்.

நான்காவது, யார் என்ன செய்வது. குளிசையை வெட்டுவது நான் மட்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் ஒரு கிழமைக்குரியதைப் பெட்டியில் போட்டுவிடுவேன். கொடுப்பது தங்கச்சி மட்டும். குறைக்கும் ஒவ்வொரு படியிலும் முதல் மூன்று இரவு நான் அங்கே தங்குவேன். பெரிய காக்காவுக்கு வெள்ளிக்கிழமை இரவு ஒரே ஒரு வட்ஸ்அப் குரற்செய்தி, கொப்பியைப் பார்த்து. இடையில் அவர் தங்கச்சிக்கு எடுத்து விசாரிப்பதில்லை, என்னிடம்தான்.

ஐந்தாவது, தங்கச்சியின் கை. 'இந்தப் படியில் நிற்போம்' என்று அவள் சொன்னால் அங்கே நிற்போம். காரணம் கேட்க மாட்டோம். அவள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகுதான் தொடங்கினோம்.

குறைத்த விதம்

மறதி நோயாளரில் இந்த மருந்தை நிறுத்துவதற்கென்று 2018இல் கனடாவில் ஒரு வழிகாட்டி வெளிவந்தது. மூன்று மாதமாவது மருந்து எடுத்து, நோய்க்குறி அடங்கியிருந்தாலோ, மருந்தால் பயனே இல்லாவிட்டாலோ, ஒன்று அல்லது இரண்டு கிழமைக்கு ஒருமுறை கால்வாசி முதல் அரைவாசி வரை குறைத்துக்கொண்டு போகலாம் என்று அது சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2016 வழிகாட்டி, நான்கு கிழமையில் பயன் தெரியாவிட்டால் குறைத்து நிறுத்தவும், பயன் தெரிந்தாலும் தொடங்கி நான்கு மாதத்துக்குள் குறைத்துப் பார்க்கவும் சொல்கிறது. திடீரென்று ஒரே நாளில் நிறுத்துவதும், வீட்டாரே தீர்மானித்து நிறுத்துவதும் இரண்டிலும் இல்லை. கீழே உள்ளது எங்கள் உம்மாவுக்கு அவருடைய டொக்டர் எழுதியது. இன்னொருவருக்கு அளவு வேறாக இருக்கும்.

உம்மா ஒரு நாளைக்கு 2 மில்லிகிராம் எடுத்தார். பகல் தூக்கம்தான் பெரிய தொல்லை என்பதால் காலைக் குளிசையில் கை வைத்தோம். முதல் இரண்டு கிழமை காலையில் பாதி. அடுத்த இரண்டு கிழமை காலையில் இல்லை; இரவில் மட்டும் 1 மில்லிகிராம். இந்த நான்கு கிழமையும் சுமுகமாகப் போயின. எச்சில் வடிவது நின்றது. ஒரு காலை சுபஹ் நேரம் உம்மா தானாக எழும்பி, வுழூ எடுக்கத் தண்ணீர் கேட்டார் என்று தங்கச்சி போன் எடுத்துச் சொன்னாள்.

ஐந்தாம் கிழமை இரவுக் குளிசையைப் பாதியாக்கினோம். ஆறாம் கிழமை தொடக்கத்தில் உம்மா கத்தத் தொடங்கினார். இரண்டு இரவு. வயிற்றைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் புரண்டார். தங்கச்சி தாளைக் காட்டி, "நிப்பம்" என்றாள். நின்றோம். கொப்பியைப் புரட்டியபோது வேறொன்று கண்ணில் பட்டது: நான்கு நாளாக உம்மா மலங்கழிக்கவில்லை. டொக்டருக்குச் சொன்னோம். மலமிளக்கி தந்தார், பென்செக்சோலைப் பாதியாக்கினார். ரிஸ்பெரிடோன் குறைந்துவிட்டதால் நடுக்கக் குளிசைக்கும் தேவை குறைந்துவிட்டது என்றார். மலம் போன அன்று இரவு உம்மா உறங்கினார். இரண்டு கிழமைக்குப் பின் பென்செக்சோல் முற்றாக நின்றது. நடுக்கம் கூடவில்லை. அந்த இரண்டு இரவில் பயந்துபோய்ப் பழைய அளவைக் கொடுத்திருந்தால், வயிற்று நோவுள்ள கிழவிக்கு மயக்கம் கொடுத்து வாயை அடைத்திருப்போம்.

ஒன்பதாம் கிழமை கால் மில்லிகிராமுக்கு இறங்கினோம். அரை மில்லிகிராம் குளிசையை வெளிப் பாமசியில் வாங்கி, வெட்டியால் இரண்டாக்கினேன். இம்முறை நடந்தது வேறு. நான்காம் இரவிலிருந்து உம்மா, வீட்டுக்குள் யாரோ ஒரு பெண் வந்து நிற்கிறாள், தன் நகையைக் களவெடுக்கப் பார்க்கிறாள் என்று அலறினார். மூன்றாம் தடவை தங்கச்சியின் கையில் நகத்தால் கீறி இரத்தம் வந்தது. சலம், மலம், நோவு, காய்ச்சல் எல்லாம் பார்த்தாயிற்று, ஒன்றும் இல்லை. அன்றைக்கே டொக்டருக்கு எடுத்தோம். தயங்காமல் அரை மில்லிகிராமுக்கே ஏற்றி, நான்கு கிழமை அங்கே நிற்கச் சொன்னார். "ஒரு படி ஏறினது தோல்வியில்ல. முதல்ல 2 மில்லிகிராம் கொடுத்தோம், இப்ப அதுல கால்வாசி" என்றார். பெரிய காக்காவுக்கு அந்த வெள்ளி நான் அனுப்பிய செய்தியிலும் இதையே சொன்னேன். அவர் ஏசவில்லை.

அந்த நான்கு கிழமையில் என் முறை வந்த ஓர் இரவு, உம்மா எந்தப் பக்கம் பார்த்துப் பேசுகிறார் என்று கவனித்தேன். அலுமாரிக் கண்ணாடி. சின்ன வெளிச்சத்தில் தன்னையே பார்த்து, "யாரும்மா நீ, ஏன் நிக்கிறா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணாடியில் தெரியும் முகம் தன்னுடையதென்று அறியாமற் போவது மறதி நோயில் உண்டென்று டொக்டர் சொன்னார். மறுநாள் கண்ணாடிக்கு ஒரு சேலைத் துணியைத் தொங்கவிட்டோம். பதினான்காம் கிழமை மறுபடி கால் மில்லிகிராமுக்கு இறங்கி, இம்முறை இரண்டல்ல, நான்கு கிழமை நின்றோம். அந்தப் பெண் வரவில்லை. துணி உதவியதா, மெதுவாகப் போனது உதவியதா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பதினெட்டாம் கிழமை முடிவில் குளிசை நின்றது.

இப்போது

நிறுத்திய பிறகும் நான்கு மாதம் கண்காணிக்க வேண்டும் என்பதால் மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போனோம். கடைசியாக ஒரு கிழமை எண்ணியபோது, உம்மா இரவில் எட்டுத் தடவை எழும்பினார். மூன்று தடவை கத்தினார். ஏறக்குறைய முதல் கிழமையின் கணக்கே. அதாவது 2 மில்லிகிராம் மருந்தும் இரவுத் தொல்லையை அடக்கவில்லை. மருந்தில்லாமலும் அது பெரிதாகக் கூடவில்லை. மாறியது பகல்தான். பகல் தூக்கம் ஒரு மணித்தியாலமாகக் குறைந்தது. அதற்குப் பிறகு உம்மா விழவில்லை. தன் கையாலேயே கரண்டி பிடிக்கிறார். தஸ்பீஹ் மணி விரலில் நகர்கிறது. எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து தொடங்குவார்.

மறதி போகவில்லை. வாப்பாவுக்குச் சோறு எடுத்து வைப்பது தொடர்கிறது. மஃரிப் நேரத்து அழுகையும் தொடர்கிறது. அந்த நேரம் வெளிச்சத்தைக் கூட்டி, தங்கச்சியின் மூத்த மகள் பக்கத்தில் இருந்து வெற்றிலையை மடித்துக் கொடுப்பாள். சில நாள் அடங்கும், சில நாள் அடங்காது. வேலை குறைந்துவிட்டது என்று தங்கச்சியிடம் சொன்னால் சிரிப்பாள். விழித்திருக்கும் உம்மாவுக்கு வேலை கூடத்தான் செய்யும். அதற்காக நான் இப்போது கிழமையில் இரண்டு இரவு அங்கே தங்குகிறேன். முன்பே அதைச் செய்திருக்க வேண்டியவன்.

கடைசிக் கிளினிக்கில் டொக்டர் கொப்பியின் முதல் பக்கத்தில் சிவப்புப் பேனையால் எழுதினார்: ரிஸ்பெரிடோன் தொற்றினால் வந்த குழப்பத்துக்காகத் தொடங்கப்பட்டது, 2 மில்லிகிராமில் நடுக்கமும் விழுதலும், படிப்படியாகக் குறைத்து நிறுத்தப்பட்டது, மறுபடி தேவைப்பட்டால் மிகக் குறைந்த அளவில், முடிவுத் தேதி எழுதித் தொடங்கவும். வீட்டில் மிஞ்சிய குளிசைகளை என்னிடம் எண்ணி வாங்கிக்கொண்டார்.

சென்ற மாதம் உம்மாவுக்கு நெஞ்சுச் சளி பிடித்து வார்ட்டில் வைத்தார்கள். இரண்டாம் இரவு மறுபடி குழப்பம், கத்தினார். இளம் டொக்டர் ஒருவர் டிக்கட்டில் எழுதப் போனார். தங்கச்சி கொப்பியின் முதற் பக்கத்தைத் திறந்து அவர் முன் வைத்தாள். அவர் வாசித்தார். "அப்ப முதல்ல சளியப் பாப்பம். நீங்க பக்கத்தில இரிக்க ஏலுமா?" என்று கேட்டார். தங்கச்சி கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்குப் போன் எடுத்தாள். விடியும் வரை இருவரும் மாறி மாறி இருந்தோம். மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது, குழப்பமும் விட்டது. துண்டு வெட்டி வரும்போது கொப்பியில் புதிதாக ஏறியிருந்தது ஐந்து நாளைக்குரிய கிருமிக்கொல்லி மட்டும்தான்.